அச்சாரமும் இல்லாத, கூலியும் இல்லாத ஒரு லட்சம்

"சார், அது நான்-ரீஃபண்டபிள்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. முதலில் சொன்னவள் வரவேற்பு மேசையில் இருந்த பெண், பாவம், என் பேத்தியைவிட இரண்டு வயது மூத்திருப்பாள். அப்புறம் மேலாளர் சொன்னார். பிறகு சென்னையிலிருந்து போனில் ஒருவர் சொன்னார். கடைசியில் என் சொந்த மகனே சொன்னான்: "விடுங்கப்பா, நான்-ரீஃபண்டபிள்னு போட்டிருக்கான். நான்தானே டிக் பண்ணேன்."

அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு தூக்கியவன் நான். ஒரு காகிதத்தில் ஒரு சொல்லை அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடும் என்று நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. அப்படி நம்பியிருந்தால் என் ஓய்வூதியக் கணக்கே இன்றைக்கும் தவறாகத்தான் இருந்திருக்கும். அது வேறு கதை.

நடந்ததைச் சொல்கிறேன். பேத்தி பி.எஸ்சி. முடித்தாள். பிரான்சில் மாஸ்டர் படிக்க ஆசை. புதுச்சேரியில் இது ஒன்றும் அதிசய ஆசை இல்லை. நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பாரிஸிலோ துலூஸிலோ இருக்கிறார். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடையாது. அப்பா அப்போது எடுத்த முடிவு அது. ஆகவே விசா, விண்ணப்பம் எல்லாம் மற்ற இந்தியர்களைப் போலத்தான். மகன் யாரிடமோ விசாரித்து, வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்றில் ஆகஸ்ட் மாதம் பணம் கட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்னான். ஒரு லட்சம் ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 18,000. மொத்தம் 1,18,000.

பள்ளிக்கூடத்தில் கணக்கைக்கூட பிரெஞ்சில் போட்டவன், ப்ரெவே பரீட்சை எழுதியவன், வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுத ஒரு லட்சம் கொடுத்துவிட்டு வருகிறான். எனக்குச் சுருக்கென்றது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகப் பேசவும் இல்லை. அந்த இரண்டு நாளில் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்திருக்க வேண்டும். ரோஷத்தில் படிக்காமல் விட்டது என் தப்பு.

அந்த ஒரு லட்சத்துக்கு அவர்கள் தருவதாகச் சொன்னவை: இரண்டு ஆலோசனை அமர்வுகள், அறுபது மணி நேரப் பிரெஞ்சு வகுப்பு, ஆறு பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிப்பது, அவற்றுக்கான நோக்கக் கடிதங்கள், நேர்காணலுக்குப் பயிற்சி, விசாவுக்குக் கோப்பு தயாரிப்பு, தங்குமிடம் தேடுவது. நடந்தவை: ஆலோசனை அமர்வு இரண்டும் நடந்தன. பிரெஞ்சு வகுப்பு இரண்டு சனிக்கிழமை, இரண்டிரண்டு மணி நேரம். அத்தோடு ஆசிரியை வேலையை விட்டுப் போய்விட்டார். நோக்கக் கடிதம் என்று ஒன்று வந்தது. அதன் மூன்றாவது பத்தியில், மெல்போர்ன் நகரின் பன்முகப் பண்பாடு தன்னை ஈர்ப்பதாக என் பேத்தி சொல்லியிருந்தாள்!

செப்டம்பரில் கல்லூரிப் பட்டியல் வந்தது. ஆறுக்குப் பதில் நான்கு. நான்கும் தனியார் வணிகப் பள்ளிகள். பெண் படித்தது வேதியியல்.

இது ஏன் இப்படி என்று நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுத் தனியார் கல்லூரிகள் பல, மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கமிஷன் கொடுக்கின்றன. பிரான்சின் அரசுப் பல்கலைக்கழகத்தில் அப்படிக் கமிஷன் எதிர்பார்க்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணத்தை உயர்த்திய 2019-இல்கூட, அரசுப் பல்கலைக்கழக மாஸ்டர் படிப்புக்கு ஆண்டுக்கு 3,770 யூரோ என்றுதான் வைத்தார்கள். வணிகப் பள்ளிகளில் இது பல மடங்கு. ஆக, நம்மிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, நமக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடமும் கூலி வாங்கும் ஒருவர் போட்ட பட்டியல் அது. நிலம் வாங்கும்போது தரகர் இருபக்கமும் வாங்குவது நமக்குத் தெரியும். தரகர் அதை மறைப்பதில்லை. இவர்கள் அதற்கு 'கவுன்சலிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் வந்தது. இந்தியாவிலிருந்து போகும் மாணவர்கள் காம்ப்பஸ் ஃப்ரான்ஸ் என்ற பிரெஞ்சு அரசு முகமையின் Études en France தளத்தில் கணக்கு திறந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். விசாவுக்கும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தத் தளத்துக்கு முகவர் தேவையில்லை. மாணவரே திறக்கலாம், மாணவரே நிரப்பலாம், முகமையின் கட்டணத்தை மாணவரே நேராகக் கட்டலாம். பருவம் அக்டோபரில் திறந்தால் பல படிப்புகளுக்கு டிசம்பரிலேயே கதவு சாத்திவிடும். மூன்று வாரம் போயும் எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. "ப்ராசஸ்ல இருக்கு அங்கிள்" என்ற பதில் மட்டும்.

அப்போதுதான் ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொன்னேன். ஏழு பக்கம், பொடி எழுத்து. ஆறாம் பக்கத்தில் அந்த வரி: செலுத்திய தொகை எந்தச் சூழ்நிலையிலும் திருப்பித் தரப்படமாட்டாது. கீழே கையொப்பம் இல்லை, செல்போனில் ஒரு டிக்.

பழைய பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கையொப்பத்துக்கு மேலே 'லு ஏ அப்ருவே', அதாவது 'படித்தேன், ஒப்புகிறேன்' என்று தன் கைப்பட எழுத வேண்டும். என் அப்பா அதை எழுதுவதற்கு முன் பத்திரத்தை இரண்டு முறை படிப்பார். கைப்பட எழுதும்போது மனசு கொஞ்சம் நின்று யோசிக்கும். இந்த டிக் அடிக்கும் கட்டத்தில் அந்த நிற்றல் இல்லை.

சரி, அந்த வரிக்கு என்னதான் பொருள்? இங்கேதான் என் சண்டையே. முன்கூட்டி வாங்கும் பணம் ஒன்று அச்சாரமாக இருக்க வேண்டும், இல்லை கூலியின் முன்பணமாக இருக்க வேண்டும். நம் ஊரில் மாட்டுக்கோ மனைக்கோ அச்சாரம் கொடுத்தால் வழக்கம் என்ன? வாங்குபவன் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு. விற்பவன் பின்வாங்கினால் இரட்டித்துத் தர வேண்டும். பிரெஞ்சிலும் இதற்கு 'ஆர்' என்று ஒரு சொல் உண்டு. அந்நாட்டு நுகர்வோர் சட்டத்தில் இன்றைக்கும் அதே விதிதான்: வாங்குபவர் விலகினால் இழப்பார், விற்பவர் விலகினால் இரு மடங்கு தருவார். கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு. இந்த நிறுவனங்கள் அச்சாரத்தின் ஒரு கூரை மட்டும் எடுத்துக்கொண்டு, நம்மைப் பார்த்து நீட்டுகின்றன. கூலியின் முன்பணம் என்று சொன்னாலோ, செய்த வேலைக்குப் போக மீதி நம்முடையது. எப்படிப் பார்த்தாலும், செய்யாத வேலைக்கான பணம் அவர்களுடையதாகும் வழி எனக்குப் புலப்படவில்லை.

"இடம், சம்பளம், விளம்பரம், எங்களுக்கும் செலவு இருக்கு இல்லையா சார்?" என்றார் மேலாளர். நியாயமான கேள்விதான். இருக்கிறது. அதனால்தான் செய்த வேலைக்குக் கணக்குப் போட்டுக் கழித்துக்கொள்ளச் சொல்கிறேன். கணக்கைக் காட்டுங்கள் என்றேன். கணக்கு காட்ட அவர் தயாராக இல்லை. ஒரு படிவத்தைத்தான் நீட்டினார்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. 'விலகல் விண்ணப்பம்' என்று தலைப்பு. பெயர், தேதி, கீழே 'காரணம்' என்ற இடத்தில் ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள்: மாணவரின் சொந்தக் காரணங்கள். என் பேத்தி பேனாவை எடுத்துவிட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதில் கையெழுத்துப் போட்டால் கதை தலைகீழாகிவிடும். அவர்கள் வேலை செய்யாததால் நாம் விலகவில்லை, நம் சௌகரியத்துக்காக நாமே விலகினோம் என்று ஆகிவிடும். பிற்பாடு எந்த ஆணையத்தில் நின்றாலும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். "நாங்களே கடிதம் எழுதி அனுப்புகிறோம் அம்மா" என்று சொல்லி எழுந்து வந்தோம்.

கடிதம் எழுதும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது. விண்ணப்பக் கணக்குகள் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்தோம். மாணவியின் பெயரில் ஒரு புது மின்னஞ்சல் முகவரியை நிறுவனமே உருவாக்கியிருந்தது. கடவுச்சொல் அவர்களிடம். பிரெஞ்சுத் தளத்துக் கணக்கையும் அதே முகவரியில் திறந்து, பாதிகூட நிரப்பாமல் போட்டு வைத்திருந்தார்கள். விலகுகிறோம் என்று முதலில் சொல்லியிருந்தால் அந்தச் சாவி அவர்கள் கையிலேயே மாட்டியிருக்கும். அதனால் பேத்தி சாதாரணமாகப் போன் செய்து, "அக்கா, பாஸ்வேர்ட் கொடுங்க, ஃபோட்டோ மாத்தணும்" என்று கேட்டு வாங்கினாள். அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றினோம், மீட்புக்கு என்று கொடுத்திருந்த செல்போன் எண்ணையும் மாற்றினோம். அசல் மதிப்பெண் சான்றிதழ் எதுவும் அவர்களிடம் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். வாட்ஸாப் உரையாடல் முழுவதையும் தேதியோடு எடுத்து அச்சடித்தோம். அதில் அவர்கள் தரப்புச் செய்திகள் சில ஏற்கெனவே அழிந்திருந்தன. மிச்சம் இருந்ததே போதுமானதாக இருந்தது.

பிறகு கடிதம். கோபத்தை அதில் வைக்கவில்லை. இந்த வயதில் கோபத்தை வைக்க வேறு இடங்கள் உண்டு. மூன்று பத்தி, ஒரு அட்டவணை. அட்டவணையில் வாக்களித்த சேவை, நடந்தது, தேதி, மதிப்பு என்று நான்கு கட்டம். மதிப்புக்குத்தான் யோசித்தேன். ஒப்பந்தத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. தனித்தனி விலை இல்லை. அதுவும் ஒரு தந்திரம்தான். ஆனால் அவர்களுடைய விளம்பரத் தாளில் தனியாகப் பிரெஞ்சு வகுப்புக்கு மட்டும் அறுபது மணி நேரத்துக்கு 18,000 ரூபாய், ஓர் ஆலோசனை அமர்வுக்கு 2,500 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அதை அவர்கள் மறுக்க முடியாது அல்லவா? மணிக்கு 300 வீதம் நான்கு மணி நேரத்துக்கு 1,200. இரண்டு அமர்வுக்கு 5,000. ஆக 6,200, அதற்கு 18 சதவீத வரி 1,116. மொத்தம் 7,316 ரூபாய் உங்களுக்குச் சேரும். 1,18,000-இல் அது போக, 1,10,684 ரூபாயைப் பதினைந்து நாளில் திருப்பித் தரவும். மெல்போர்ன் கடிதத்துக்கு மதிப்பு பூஜ்யம் என்று எழுதி, அதன் நகலை இணைத்தேன்.

"எதுக்குத் தாத்தா நாமே 7,316 விட்டுக்கொடுக்கிறோம்? முழுசா கேளுங்க" என்றாள் பேத்தி. முழுசாகக் கேட்டால் நாமும் அவர்களைப் போல ஆகிவிடுவோம் என்பது ஒன்று. இன்னொன்று, தன் பக்கத்துக் கழிவைத் தானே காட்டும் கணக்கைப் படிப்பவர் நம்புவார். தணிக்கை ஆட்களோடு மல்லுக்கட்டிய காலத்தில் கற்றது அது.

கடிதத்தில் பணம் கட்டிய மகனும், சேவை பெற வேண்டிய பேத்தியும் இருவருமே கையொப்பமிட்டார்கள். ஒப்புகை அட்டையோடு தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. நேரில் போய்க் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொடுத்ததற்கு ஒப்புகை இல்லாத கடிதம் எழுதாத கடிதம்தான்.

பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான்: நான்-ரீஃபண்டபிள். ஆனால் கூடவே சமாதானங்களும் வரத் தொடங்கின. முதலில், பணத்தை அப்படியே வைத்திருந்து பேத்தியின் தம்பிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பையன் எட்டாவது படிக்கிறான். அப்புறம், ஐந்து வேலை நாளில் ஆறு விண்ணப்பமும் போட்டுவிடுகிறோம் என்றார்கள். அதுவரை செய்யவில்லை என்பதை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆயிற்று. நன்றி சொல்லி அதை அச்சடித்து வைத்துக்கொண்டேன்.

உறவுக்காரர்கள் இந்த இடத்தில் நுழைந்தார்கள். "போனது போகட்டும், பிள்ளை படிப்பைப் பாருங்க." "வக்கீலுக்கு அதைவிட அதிகம் ஆகும்." "வெளியில தெரிஞ்சா நமக்குத்தான் கேவலம்." இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, இதை நம்பித்தான் இந்தத் தொழிலில் பாதி நடக்கிறது. ஏமாந்தவன் வெட்கப்படுகிறான். வாங்கியவன் குளிர்சாதன அறையில் அடுத்த பெற்றோருக்குக் காபி கொடுக்கிறான்.

வக்கீல் செலவு பற்றிய பேச்சும் சரியில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். செலவு ஒரு போன் பேச்சு. அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் அதுவரை பூஜ்யமாக இருந்தது, அந்தப் போனுக்குப் பிறகு 25,000 ஆயிற்று! 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு நல்லவை சில உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். வழக்கின் காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நிறுவனங்கள் "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று இழுப்பது அந்த இரண்டு வருடம் கழிவதற்கும் வசதி. மனுவை e-jagriti.gov.in தளத்தில் பதியலாம். அதற்குப் பேத்தி என் அருகில் உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

மனுவின் வாசகத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கோபத்தில் நமக்கு எழுதத் தோன்றுவது, 'இந்த ஒப்பந்தமே நியாயமற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்யுங்கள்' என்பது. சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு பிரிவும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், மாவட்டத்துக்கு இல்லை. அப்படி எழுதிக் கொண்டுபோனால், இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பிவிட இடம் உண்டு. நாங்கள் 'சேவைக் குறைபாடு' என்றும், குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 'முறையற்ற வணிக நடைமுறை' என்றும் எழுதினோம். இந்த இரண்டாவதற்குச் சட்டத்திலேயே கெடு இருக்கிறது. ரசீதில் காலம் குறிக்காவிட்டால் முப்பது நாள்.

அவர்கள் தரப்பு வக்கீல் போனில் ஒரு மிரட்டலும் போட்டுப் பார்த்தார். "கல்வி என்பது சேவை இல்லை சார், சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு." கல்லூரிகளைப் பற்றி அப்படித் தீர்ப்புகள் உண்டு, உண்மைதான். ஆனால் தேசிய ஆணையம் 2020-இல் கல்வி நிறுவனங்களை விலக்கியபோதே, பயிற்சி மையங்களைக் கல்வி நிறுவனங்களாகக் கருத முடியாது என்று சொல்லிவிட்டது. பாடம் நடத்தும் பயிற்சி மையத்துக்கே அந்தக் குடை இல்லை என்றால், விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்கு எங்கிருந்து வரும்? "நீங்க எந்தப் பட்டம் கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஆணையம் வேகமானது என்று யாருக்கும் நான் ஆசை காட்ட மாட்டேன். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தாக்கள் வேறு மாதிரி சொல்கின்றன. எங்களுக்கு நடந்தது என்னவென்றால், நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போனதும், முதல் வாய்தாவுக்கு முன்பே மேலாளர் வீடு தேடி வந்தார். மாடிப்படி ஏறி, செருப்பைக் கழற்றி, "ஐயா" என்று. பில்டர் காபி கொடுத்தோம். 93,800 ரூபாய் தருவதாகவும், மனுவை வாபஸ் வாங்கும் காகிதத்தில் இப்போதே கையெழுத்து வேண்டும் என்றும் கேட்டார். கையெழுத்து பணம் வங்கியில் ஏறிய பிறகு என்றேன். "எங்க மேல நம்பிக்கை இல்லையா ஐயா?" என்றார். ஒரு லட்சத்து பதினெட்டாயிரம் ரூபாய் அளவுக்கு ஏற்கெனவே நம்பியாயிற்று என்றேன்.

இதற்கிடையில் பேத்தியின் விண்ணப்பம். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், எனக்குச் சண்டைதான் முந்துகிறது. கணக்கு எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அவளும் உட்கார்ந்தோம். அவள் விரும்பியதில் மூன்று படிப்புகளுக்குத் தேதி முடிந்துபோயிருந்தது. அந்த மூன்று வாரம் யார் கொடுத்தாலும் திரும்பாது. எந்த அட்டவணையிலும் அதற்கு நான் மதிப்புப் போடவில்லை, போடத் தெரியவில்லை. மிச்சம் இருந்த அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அவளே எழுதினாள். அவள் எழுதிய பிரெஞ்சில் பால் வேற்றுமையைத் திருத்தினேன். அவள் என் அறுபது வருடப் பழசான நடையைத் திருத்தினாள். "இப்பல்லாம் இப்படி யாரும் எழுத மாட்டாங்க தாத்தா" என்று எத்தனை முறை! நேர்காணலுக்கு வெளிறிப்போய் உள்ளே போனவள், சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓர் இடத்திலிருந்து சம்மதம் வந்திருக்கிறது. செப்டம்பரில் கிளம்புகிறாள்.

பணத்துக்கு வருகிறேன். 93,800 வங்கியில் ஏறியது. என் கணக்குப்படி அது சரிதான், வரியை விட்டுவிட்டால். மகனுக்கு அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் நாங்கள் கேட்டது 1,10,684. மீதி 16,884 ரூபாய், திருப்பிய தொகைக்கான ஜி.எஸ்.டி. கேட்டால், "அது கவர்ன்மென்டுக்குப் போயிடுச்சு ஐயா, எங்க கையில இல்லை" என்றார்கள். இதைக் கேட்டுப் பெரும்பாலோர் எழுந்து வந்துவிடுகிறார்கள், அரசாங்கம் என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை அப்படி. அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தவனிடம் அது செல்லவில்லை. தராத சேவைக்கு வரி ஏது? அந்தத் தொகைக்கு அவர்கள் கிரெடிட் நோட் போட்டால் தங்கள் வரிக் கணக்கில் குறைத்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவு, நிதியாண்டு முடிந்து அடுத்த நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. இதை ஒரு தாளில் எழுதி, அவர்களுடைய ரசீது எண்ணையும் குறிப்பிட்டு, "கிரெடிட் நோட்டின் நகலை எங்களுக்கும் அனுப்பவும், இல்லையேல் மனு அப்படியே நிற்கும்" என்று அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் 16,884 ரூபாய் வந்தது. நகலும் வந்தது. அன்று மாலை மகன் வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டான். போடும் முன் அதை இரண்டு முறை படித்தான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.